சேலத்து ஸ்டீல் பில்டருக்குக் காபிச் சந்தா தோதாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டவுனில் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கிறார்கள். அப்புறம் எதற்குச் சந்தா?

வாரம் 200 கிராம் பீபெர்ரி, பிளான்டேஷன், கொஞ்சம் சிக்கரி என்று சொல்லி, சூடாக அரைத்த பொடியை வாங்கி, அதில் திருப்தியாக இருக்கிறவர்களுக்குச் சந்தா தேவையே இல்லை. காபிக் கொட்டையை வறுத்துச் சந்தா முறையில் கூரியரில் அனுப்புகிற ரோஸ்டர்கள் பெரிதாகச் சொல்கிற 'புதுசு' என்பது உங்களுக்கு ஏற்கெனவே கிடைக்கிறது. அரைத்து அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வரும் பொடியை எந்தக் கூரியரும் கொண்டுவந்து தர முடியாது.

அரவைக் கடையில் பொதுவாகத் தெரியாமல் போகிற விஷயங்கள் வேறு. கொட்டை என்றைக்கு வறுத்தது, எந்தத் தோட்டம், எந்த அறுவடை என்று கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். பெரும்பாலும் ஒரே பதத்தில், கருப்பாக வறுத்திருக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து ஏற்காட்டில் காபி விளைகிறது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். ஆனால் என் ஐம்பது வயது வரைக்கும் அந்த மலைக் காபியைத் தனியாகக் குடித்ததே இல்லை. எப்போதும் கலவைதான். அந்த ஆசையில்தான் சந்தாவில் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் மூன்று ரோஸ்டர்களிடம் மாறி மாறிச் சேர்ந்து விலகியதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஓடுவது ஸ்டீல் பில்டரும் பால் காபியும். அதனால் பதில்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பாக்கெட்டில் மூன்று தேதி இருக்கிறது. எதைப் பார்ப்பது?

வறுத்த தேதியை. பேக் செய்த தேதி என்பது என்றைக்கோ வறுத்து டின்னில் கிடந்ததைப் பையில் போட்ட தேதியாகவும் இருக்கலாம். 'இதற்குள் பயன்படுத்தவும்' என்ற தேதி சட்டத்துக்காகப் போடுவது. அது ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று தாராளமாக இருக்கும், ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. சந்தா என்று காசு வாங்குகிறவர் வறுத்த தேதியைப் போடவில்லை என்றால் நான் மேற்கொண்டு எதையும் பார்ப்பதில்லை.

தேதி இருந்தால் அடுத்தது, கொட்டையாக வந்ததா பொடியாக வந்ததா என்பது. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய சேர்ந்துவிடும். முதல் சில நாள் அது வேகமாக வெளியேறும், அப்புறம் மெதுவாகக் கசியும். அதற்காகத்தான் பையில் பொத்தான் மாதிரி ஒரு வால்வு வைக்கிறார்கள். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. அதனால் கொட்டை என்றால் வறுத்த மறுநாளே கைக்கு வருவதில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து நாலு வாரம் வரை நன்றாகவே இருக்கும். பொடி அப்படி அல்ல. அரைத்த நிமிடத்திலிருந்து மணம் போகத் தொடங்கிவிடும். பையைத் திறந்து, காற்று புகாத டப்பாவில் வைத்தால், பால் காபிக்குப் பத்து நாள் தாங்கும் என்பது என் அனுபவம். கருப்புக் காபி குடிக்கிறவர்கள் அதற்குள்ளேயே குறை சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ரோஸ்டர் என்றைக்கு வறுக்கிறார் என்பதையும் கவனியுங்கள். என் முதல் ரோஸ்டர் வெள்ளிக்கிழமை வறுத்து, அரைத்து, சனிக்கிழமை கூரியரில் கொடுப்பார். ஞாயிறு எங்கோ ஒரு குடோனில் கிடக்கும். செவ்வாயோ புதனோதான் அஸ்தம்பட்டிக்கு வரும். அரைத்த பொடிக்கு நாலைந்து நாள் வழியிலேயே போய்விட்டது. இரண்டாமவர் திங்களன்று வறுத்து, செவ்வாய் அனுப்பி, வியாழன் காலை கையில் கிடைத்தது. இருவரும் விளம்பரத்தில் எழுதியிருந்தது என்னவோ ஒரே வாசகம்தான்.

வந்த பொடி புதுசா பழசா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பில்டரில் வெந்நீர் ஊற்றும்போது பாருங்கள். மேல் கிண்ணத்தில் பொடியைப் போட்டு, குடையைப் பொடியின் மேல் வைக்காமல், கொதித்த தண்ணீரைப் பொடி நனையும் அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றிவிட்டு அரை நிமிடம் நில்லுங்கள். புதுப் பொடி உப்பி எழும், குமிழ் குமிழாக வெடித்து, பழுப்பு நுரை மேலே திரளும். சமயத்தில் குடையை வைத்தால்கூட ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பழைய பொடி சத்தமே இல்லாமல் ஈர மண் மாதிரி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு படுத்துவிடும்.

இதிலும் ஏமாறலாம். சிக்கரியில் அந்த வாயு கிடையாது. அதனால் 30 சதவீதம் சிக்கரி கலந்த பொடி புதுசாக இருந்தாலும் குறைவாகத்தான் உப்பும். இளம் வறுவலும் கருப்பு வறுவல் அளவுக்கு நுரைக்காது. எனவே ஒரு ரோஸ்டரின் பொடியை இன்னொருவர் பொடியோடு ஒப்பிடாதீர்கள். ஒரே ரோஸ்டரின் அதே வகையை, போன மாதம் எப்படி உப்பியது, இந்த மாதம் எப்படி என்று பாருங்கள். அப்போது தெரிந்துவிடும்.

கொட்டை எண்ணெய் வடிந்து பளபளவென்று வந்தது. புதுசுதானே?

இல்லை. ரொம்பக் கருப்பாக வறுத்தால் எண்ணெய் வெளியே வந்துவிடும். நடுத்தர வறுவலில் எண்ணெய் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நாள் ஆகிவிட்டது என்று சந்தேகப்படலாம். பளபளப்பைப் பார்க்காமல் முகர்ந்து பாருங்கள். பழைய கடலை எண்ணெய் மாதிரிக் காறல் வாடை வந்தால் திருப்பி அனுப்பலாம்.

ஆர்டரில் 'பில்டர்' என்றுதான் தேர்ந்தெடுத்தேன். டிகாஷன் தண்ணீர் மாதிரி இறங்குகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. அவர்கள் பாஷையில் பில்டர் வேறு, நம் பாஷையில் பில்டர் வேறு. சந்தாவில் சேர்கிற நம் ஊர்க்காரர்கள் முதல் மாதமே விலகிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

புது ரோஸ்டர்கள் பலருக்கு 'பில்டர்' என்றால் காகித வடிகட்டி. கூம்பில் காகிதம் வைத்து மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு கப் கருப்புக் காபி இறக்குகிற முறை. அதற்கு அரைப்பது கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் நடுவில் இருக்கும், விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடும். அதைக் கொண்டுவந்து நம் ஸ்டீல் பில்டரில் போட்டால், தண்ணீர் பொடியோடு பேசக்கூட நேரமில்லாமல் கீழே ஓடிவிடும்.

எனக்கு நடந்ததை அளவோடு சொல்கிறேன். காலையில் மூன்று டம்ளருக்கு 30 கிராம் பொடி போடுவேன், 180 மில்லி கொதிநீர். பொடி தன் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதாவது 60 மில்லி. மீதி 120 மில்லி டிகாஷன், டம்ளருக்கு 40. கடைப் பொடியில் இது இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். பால் காய்ந்து, நான் கோலம் போட்டுவிட்டு வருவதற்குள் சரியாக இருக்கும். சந்தாவின் முதல் பாக்கெட்டில் நாலே நிமிடத்தில் முழுவதும் இறங்கிவிட்டது. நிறம் கட்டஞ்சாயா மாதிரி. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா மலையிலிருந்து வரவழைச்சே?" என்று டவராவை நகர்த்திவிட்டார்.

ரோஸ்டருக்கு போன் செய்தேன். எடுத்த பையன், "மேடம், நீங்க பில்டர்னுதானே போட்டிருக்கீங்க?" என்றான். "தம்பி, நான் சொல்றது நம்ம ஸ்டீல் பில்டர், கீழே சொட்டுச் சொட்டா விழுமே, அது" என்றேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டியலில் கீழே 'சவுத் இண்டியன் பில்டர்' என்று தனியாக ஒன்று இருந்திருக்கிறது, நான்தான் முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டுவிட்டேன்.

அடுத்த பாக்கெட் அந்த அரவையில் வந்தது. தூள் உப்பை விடக் கொஞ்சம் நைசு, ஆனால் மைதா மாதிரி இல்லை. இறங்க 11 நிமிடம். பரவாயில்லை, ஆனால் இன்னும் மெலிசு. திரும்ப எழுதினேன். இப்படி எழுதினால் ரோஸ்டருக்கு வேலை சுலபம்: "30 கிராம் பொடி, 180 மில்லி கொதிநீர், குடை வைத்து லேசாக அழுத்தினேன், 11 நிமிடத்தில் முழுவதும் இறங்கிவிட்டது. ஒரு படி நைசாக அரைத்து அனுப்புங்கள்." வெறுமனே 'திக்காக இல்லை' என்று எழுதினால் அவர் வறுவலை மாற்றுவதா, அரவையை மாற்றுவதா என்று குழம்புவார். மூன்றாவது பாக்கெட் 17 நிமிடம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

ஒரு ரோஸ்டரை எடைபோட இதை விட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. அரவையை ஒரு படி மாற்றிக் கேளுங்கள். மாற்றி அனுப்புகிறாரா, 'எங்களிடம் ஐந்து வகைதான் இருக்கிறது' என்கிறாரா என்று பாருங்கள்.

எனக்கு நேர் எதிர். இரவு போட்டது காலை வரை இறங்கவில்லை.

முதலில் பில்டரின் அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாதித் துளைகள் அடைந்திருக்கும். அம்மா காலத்து வைத்தியம்தான்: மேல் கிண்ணத்தை மட்டும் அடுப்புத் தீயில் சிறிது நேரம் காட்டினால் அடைத்திருக்கும் பொடி கருகி உதிரும், அப்புறம் தேய்த்துக் கழுவிவிடலாம். கைப்பிடியில் பிளாஸ்டிக் இருந்தால் வேண்டாம், குண்டூசி போதும்.

துளை சரியாக இருந்தும் 40 நிமிடம் தாண்டினால் அரவை அதிக நைசு. எஸ்பிரெஸோ மெஷினுக்கு அரைத்ததை அனுப்பியிருக்கலாம். அல்லது நீங்கள் குடையை வைத்து பலமாக அழுத்தியிருக்கலாம். அழுத்தாமல் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு ரோஸ்டரிடம் பேசுங்கள். அதுவரை அந்தப் பொடியில் கொஞ்சம் கொரகொரப்பான கடைப் பொடியைக் கலந்து ஓட்டலாம்.

கொட்டையாக வாங்கி மிக்ஸியில் அரைத்துக்கொண்டால்?

செய்யலாம், ஆனால் அளவு ஒரே சீராக வராது. பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் நிற்கும். மாவு கசப்பைத் தரும், குருணை எதையும் தராமல் தண்ணீரை விடும். ஸ்டீல் பில்டர் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், காகித வடிகட்டி பொறுக்காது. சின்ன ஜாரில் 30 கிராம் மட்டும் போட்டு, இரண்டு வினாடி ஓட்டி, குலுக்கி, மறுபடி ஓட்டி என்று ஏழெட்டு முறை செய்யுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி மணம் சமையலறையிலேயே தங்கிவிடும். அந்த ஜாரில் முந்தின நாள் மிளகாய் அரைத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சந்தா உங்களுக்குப் பிடித்து, வருடக் கணக்கில் தொடரப் போகிறீர்கள் என்றால் கையால் சுற்றுகிற நல்ல கிரைண்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. அரவையை நீங்களே ஒரு படி ஏற்றி இறக்கலாம், மேலே சொன்ன கடிதப் போக்குவரத்து எல்லாம் மிச்சம்.

மாதம் எவ்வளவு போடுவது? அரைக் கிலோ, ஒரு கிலோ என்று திட்டம் காட்டுகிறார்கள்.

டம்ளருக்கு 10 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டில் காலை மூன்று டம்ளர், 30 கிராம். 250 கிராம் பாக்கெட் எட்டு நாள் வரும். ஒரு கிலோ 33 நாள் வரும், ஆனால் ஒரு கிலோவையும் பொடியாக ஒரே நாளில் வாங்கினால் கடைசி இரண்டு வாரம் மரத்தூள்தான் குடிக்க வேண்டும். நாங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 500 கிராம், அதுவும் இரண்டு 250 கிராம் பைகளாக வாங்குகிறோம். ஒன்று ஓடும்போது மற்றது பிரிக்காமல் இருக்கும்.

மாலைக் காபிக்கு இன்றும் டவுன் பொடிதான், சிக்கரியோடு. ரெண்டு வேளைக்கும் சந்தாவே வாங்கினால் கட்டுப்படியாகாது. கணக்கும் சிரமமில்லை. பாக்கெட் விலையோடு கூரியரையும் சேர்த்து 25ஆல் வகுத்தால் ஒரு டம்ளருக்கு என்ன ஆகிறது என்று தெரியும். கூரியரோடு 500 ரூபாய் என்றால் பால், சர்க்கரை இல்லாமலே டம்ளர் 20 ரூபாய். அதைப் பார்த்த பிறகு வீட்டுக்காரர் காபியை மிச்சம் வைப்பதில்லை.

மாதம் ஒரு புது எஸ்டேட் அனுப்புகிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. என் நாக்கு சரியில்லையா?

நாக்கில் குறை இல்லை. பாலும் சர்க்கரையும் சேர்ந்த டம்ளரில் நமக்குத் தெரிவது முக்கியமாக மூன்று: கனம், கசப்பு, புளிப்பு. நாலு தோட்டத்துக் கொட்டையையும் ஒரே கருப்புப் பதத்தில் வறுத்தால் அந்த மூன்றும் நாலிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பையின் நிறம் மட்டும்தான் மாறும்.

பால் காபியில் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் தோட்டத்தின் பெயரை விட வேறு மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, அரபிகாவா ரோபஸ்டாவா. சேர்வராயன் மலையில் அரபிகாதான் பிரதானம். கனமும் கசப்பும் வேண்டும் என்றால் வயநாடு, குடகு பக்கத்து ரோபஸ்டா கொஞ்சம் சேர்ந்திருக்க வேண்டும். அதில் காஃபின் அரபிகாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு, தூக்கம் வராதவர்கள் மாலையில் கவனிக்கவும். இரண்டு, பழத்தைச் சதை நீக்கிக் கழுவிக் காயவைத்ததா, பழத்தோடு அப்படியே காயவைத்ததா. நம் நாட்டு வழக்கில் கழுவிய அரபிகாவுக்குப் பிளான்டேஷன் என்றும், பழத்தோடு காய்ந்ததற்குச் செர்ரி என்றும் பெயர். செர்ரியில் ஒரு பழ வாடையும் கனமும் இருக்கும், பாலிலும் கொஞ்சம் தெரியும். மூன்று, வறுவல் பதம். இந்த மூன்றில் ஒன்றாவது மாதா மாதம் மாறினால் அது வகை. எஸ்.795 என்றும் சந்திரகிரி என்றும் செடியின் ரகம் மாறுவது, பால் ஊற்றாமல் குடிக்கிறவருக்குத்தான் பிரயோஜனம். ஏஏ, ஏ என்பதெல்லாம் கொட்டையின் அளவு, சல்லடைக் கணக்கு. பீபெர்ரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒரே உருண்டைக் கொட்டை, அவ்வளவுதான். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க நான் தயங்குவேன்.

சந்தேகம் இருந்தால் ஒரு நாள் இப்படிச் செய்யுங்கள். போன மாதப் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஒன்று வைத்திருந்தால் நல்லது. இரண்டு சின்ன பில்டர், ஒரே அளவு பொடி, ஒரே அளவு தண்ணீர். டம்ளரின் அடியில் ஒன்றுக்கு மட்டும் சாக்பீஸ் கோடு போட்டு, வேறு யாரையாவது கலந்து வைக்கச் சொல்லிக் குடித்துப் பாருங்கள். நாங்கள் மூன்று பேர் மூன்று நாள் செய்தோம். மூன்று நாளும் ஆளுக்கொன்று சொன்னோம், அடுத்த நாள் அவரவர் சொன்னதையே மாற்றினோம். மறு மாதமே 'மாதம் ஒரு எஸ்டேட்' திட்டத்தை நிறுத்தி, பிடித்த ஒன்றையே திரும்பத் திரும்ப வாங்கும் திட்டத்துக்கு மாறிவிட்டேன்.

பையில் ஆரஞ்சு, வெல்லம், கொக்கோ என்று போட்டிருக்கிறது. என் காபியோ புளிக்கிறது.

இளம் வறுவல் வந்திருக்கிறது. அந்தப் பழச் சுவைகள் எல்லாம் காபியில் இயல்பாக இருக்கும் புளிப்பை ஒட்டி வருபவை. கருப்பாக, மெலிசாக, காகித வடிகட்டியில் இறக்கிக் குடித்தால் அது ரசம் மாதிரி இனிமையான புளிப்பு. நம் கெட்டி டிகாஷனில் அதே புளிப்பு திரண்டு, பாலோடு சேரும்போது பால் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வரும்படி இருக்கும். பால் காபிக்கு நடுத்தரத்துக்கு மேல், கருப்புக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள வறுவலைக் கேளுங்கள். கொட்டை கருஞ்சாக்லேட் நிறத்தில், எண்ணெய் வடியாமல் இருக்கும்.

வந்ததை வீணாக்க வேண்டாம். கொட்டையாக இருந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, 15 கிராமுக்கு 240 மில்லி தண்ணீர் என்று காகித வடிகட்டியில் இறக்கிக் குடியுங்கள். என் மகள் லீவில் வந்தால் இப்படித்தான் குடிக்கிறாள். அவளுக்கு ஆரஞ்சு தெரிகிறதாம். எனக்கு இன்னும் எலுமிச்சை வரைதான் வந்திருக்கிறது.

அக்டோபரில் 'புத்தம் புது ஏற்காடு காபி' என்று விளம்பரம் வந்தது. நம்பலாமா?

வறுத்தது புதுசாக இருக்கலாம், விளைந்தது புதுசாக இருக்காது. நம் மலையில் அரபிகாப் பழம் பறிப்பது ஏறக்குறைய நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். பிறகு களத்தில் காய வேண்டும், மேல் ஓடு நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்ட வேண்டும். ரோஸ்டர் கைக்கு வர மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். அக்டோபரில் வறுபடுவது போன அறுவடை. அதில் தப்பில்லை. பச்சைக் கொட்டை ஈரம் படாமல் வைத்தால் ஒரு வருடம் போல நன்றாக இருக்கும். அதைத் தாண்டினால் சாக்கு வாடையும் காகித ருசியும் வரும், நேற்றுதான் வறுத்தது என்றாலும் போகாது. எனவே அறுவடை எந்தப் பருவம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த ரோஸ்டர் தோட்டத்திலிருந்து நேராக வாங்குகிறவராக இருப்பார். மார்ச் மாத வாக்கில் புது அறுவடையும் பழசும் மாறும் சமயத்தில் ருசி திடீரென்று மாறினால், அதற்கும் இதுதான் காரணம்.

சிக்கரி இல்லாமல் கெட்டியாகவே வரமாட்டேன் என்கிறது. கலந்து அனுப்பச் சொல்லலாமா?

பல ரோஸ்டர்கள் கலந்து தருவார்கள், சிலர் கோபித்துக்கொள்வார்கள். சிக்கரி தண்ணீரில் நன்றாகக் கரைந்து நிறத்தையும் கனத்தையும் கொடுக்கும், டிகாஷன் இறங்குவதையும் தாமதப்படுத்தும். அதனால் கெட்டியாகத் தெரிவதெல்லாம் காபி அல்ல. சட்டப்படி காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எத்தனை சதவீதம் என்று பையில் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

என் யோசனை, சந்தாவில் தனிக் காபி வாங்கிவிட்டு, சிக்கரியைத் தனியாக வைத்துக்கொள்வது. 30 கிராமில் 4 கிராம் சிக்கரி போட்டாலே அத்தைக்குப் போதுமானதாக இருக்கிறது. முதல் மூன்று பாக்கெட்டையும் சிக்கரி இல்லாமல் குடித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ரோஸ்டரை எடைபோடவே முடியாது.

ஒரே பாக்கெட் திங்கள் நன்றாக இருந்தது, வியாழன் சப்பென்று இருந்தது.

தண்ணீரைப் பாருங்கள். எங்கள் தெருவில் மேட்டூர்த் தண்ணீர் வரும் நாள் ஒரு ருசி, போர் தண்ணீரில் போட்டால் வேறு ருசி. உப்பு கனத்த போர் தண்ணீர் காபியின் புளிப்பை அமுக்கி மழுங்கடித்துவிடும். மெஷினில் எல்லா உப்பும் எடுத்த தண்ணீர் நேர் எதிராக, வெறுமையாகவும் கூர்மையாகவும் இருக்கும். சந்தாவைச் சோதிக்கும் மாதங்களில் ஒரே தண்ணீரைக் குடத்தில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்து வெயிலில் பாக்கெட் கூரியரில் வெந்துவிடாதா?

ஏப்ரல், மே மாதங்களில் கொஞ்சம் அடிவாங்கும். சூட்டில் மணம் சீக்கிரம் போகும், எண்ணெய் சீக்கிரம் காறும். அந்த இரண்டு மாதம் பொடியாக வாங்காமல் கொட்டையாக வாங்குங்கள், அல்லது சந்தாவை நிறுத்தி வையுங்கள். நிறுத்தி வைக்க விடாத சந்தாவில் சேராதீர்கள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து தினமும் எடுத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். மண்பானைப் பக்கத்து நிழல் அலமாரியே போதும்.

எத்தனை பாக்கெட் பார்த்துவிட்டு முடிவு செய்வது?

மூன்று. முதல் பாக்கெட்டில் தேதியும் அரவையும் தெரியும், இரண்டாவதில் நீங்கள் சொன்னதைக் கேட்டு மாற்றினாரா என்று தெரியும், மூன்றாவதில் அதே மாதிரி தொடர்ந்து அனுப்புகிறாரா என்று தெரியும். வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி தருவார்கள். மூன்று முடியாமல் அதைத் தொட வேண்டாம்.

அலமாரியில் மூன்று மாதப் பழைய பாக்கெட் ஒன்று கிடக்கிறது. தூக்கிப் போடுவதா?

காறல் வாடை இல்லை என்றால் வேண்டாம். 40 கிராமை அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கலக்கி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். போன மணம் திரும்ப வராது, ஆனால் குளிர்நீரில் கசப்பு குறைவாக இறங்குவதால் பழசு அவ்வளவாகத் தெரியாது. குளிர்ந்த பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, மதியம் மூன்று மணிக்கு, மின்விசிறி சுடுகாற்றை அடிக்கிற நேரத்தில் குடிக்கலாம். காறிப்போயிருந்தால் ரோஜாத் தொட்டிக்கு.